சர்வீஸ் அக்கவுன்ட் டிக்கெட்டை ஏன் திருடுகிறார்கள்? கெர்பரோஸ் ஓட்டத்தைப் பின்தொடர்ந்து ஒரு விளக்கம்

காலை ஒன்பது மணிக்கு கவிதா தன் கம்ப்யூட்டரில் பாஸ்வேர்டைத் தட்டி உள்ளே நுழைகிறார். சிறிது நேரம் கழித்து ஒரு ரிப்போர்ட்டைத் திறக்கிறார். அந்த ரிப்போர்ட்டுக்கான தரவு db01 என்ற சர்வரில், டேட்டாபேஸுக்குள் இருக்கிறது. டேட்டாபேஸ் அவரிடம் பாஸ்வேர்ட் கேட்கவில்லை. ஆனாலும் வந்திருப்பது கவிதாதான் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது, அவருக்கு உரிய தரவை மட்டும் காட்டுகிறது.

ஓர் அலுவலகத்தின் கம்ப்யூட்டர்களையும் அக்கவுன்ட்டுகளையும் ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் விண்டோஸ் டொமைனில் தினமும் நடப்பதால் இதை யாரும் கவனிப்பதில்லை. இதற்குப் பின்னால் இருக்கிற ஏற்பாட்டுக்குப் பெயர் கெர்பரோஸ். 1980களில் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உருவானது. விண்டோஸ் 2000 வந்தபோது மைக்ரோசாஃப்ட் அதன் ஐந்தாம் பதிப்பை டொமைன் லாகினுக்கு இயல்பான முறையாக எடுத்துக்கொண்டது. இதில் அடையாளத்தைச் சொல்லும் பூட்டிய சீட்டுக்கு டிக்கெட் என்று பெயர். இந்த ஏற்பாட்டில் ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாக்குபவர்கள் விடாமல் குறிவைக்கிறார்கள்: டேட்டாபேஸ் போன்ற ஒரு சர்வீஸ் எந்த அக்கவுன்ட்டின் கீழ் ஓடுகிறதோ அந்த சர்வீஸ் அக்கவுன்ட்டுக்கான டிக்கெட். அது ஏன் என்று புரிய, டிக்கெட் கை மாறும் வழியை ஒருமுறை பின்தொடர வேண்டும். ஒரே ஒரு கேள்வியை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு டிக்கெட்டும் யாருடைய சாவியால் பூட்டப்படுகிறது?

முதல் டிக்கெட்

டொமைனில் இருக்கும் எல்லா அக்கவுன்ட்டுகளின் ரகசியச் சாவிகளும் டொமைன் கன்ட்ரோலரில் இருக்கின்றன. இங்கே சாவி என்று நான் சொல்வது பாஸ்வேர்டிலிருந்து கணக்கிட்டு எடுக்கப்படும் ஓர் எண். பாஸ்வேர்ட் தெரிந்தவர் எவரும் அதே கணக்கைப் போட்டு அதே சாவியைப் பெறலாம். கடைசிவரை இந்த ஒரு வரிதான் நமக்கு முக்கியம்.

கவிதா லாகின் செய்யும்போது அவருடைய பாஸ்வேர்ட் நெட்வொர்க்கில் போவதில்லை. அவருடைய கம்ப்யூட்டர் பாஸ்வேர்டிலிருந்து சாவியைக் கணக்கிட்டு, அந்த நொடியின் நேரத்தை அதனால் பூட்டி, டொமைன் கன்ட்ரோலருக்கு அனுப்புகிறது. கன்ட்ரோலர் தன்னிடம் உள்ள கவிதாவின் சாவியால் அதைத் திறந்து பார்க்கிறது. உள்ளே சரியான நேரம் இருந்தால், அனுப்பியவருக்குப் பாஸ்வேர்ட் தெரியும் என்பது உறுதி. இரண்டு கடிகாரங்களுக்கும் இடையே ஐந்து நிமிடம் வரை வித்தியாசம் இருக்கலாம், அதற்கு மேல் போனால் கதவு திறக்காது. கம்ப்யூட்டரின் கடிகாரம் தவறினால் டொமைன் லாகின் உடைவதற்குக் காரணம் இதுதான்.

சரிபார்ப்பு முடிந்ததும் கவிதாவுக்கு முதல் டிக்கெட் கிடைக்கிறது. துறையில் இதை டிஜிடி என்பார்கள். மற்ற டிக்கெட்டுகளை வாங்குவதற்கான டிக்கெட் என்று பொருள். இதன் ஆயுள் வழக்கமாக பத்து மணி நேரம். அந்த நேரத்துக்குள் வேறு எதற்குப் போனாலும் அவர் மறுபடி பாஸ்வேர்டைத் தட்ட வேண்டியதில்லை.

இந்த டிஜிடி யாருடைய சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது? கவிதாவின் சாவியால் அல்ல. `krbtgt` என்று ஓர் அக்கவுன்ட் ஒவ்வொரு டொமைனிலும் இருக்கும். யாரும் அதில் லாகின் செய்வதில்லை, அதன் பாஸ்வேர்டை எந்த மனிதரும் யோசித்து வைப்பதில்லை, சிஸ்டமே தாறுமாறான எழுத்துகளால் உருவாக்குகிறது. டிஜிடி அந்த அக்கவுன்ட்டின் சாவியால் பூட்டப்படுகிறது. கவிதாவின் கம்ப்யூட்டர் அதை வைத்திருக்கலாம், திரும்பக் காட்டலாம், ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்று படிக்க முடியாது. திறக்கக்கூடியது டொமைன் கன்ட்ரோலர் மட்டும்தான்.

இரண்டாவது டிக்கெட்

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருவோம். கவிதாவின் கம்ப்யூட்டர் மறுபடி டொமைன் கன்ட்ரோலரிடம் போய், டிஜிடியைக் காட்டி, "db01-இல் உள்ள டேட்டாபேஸுக்கு ஒரு டிக்கெட் வேண்டும்" என்று கேட்கிறது. எந்த சர்வீஸ் என்று சொல்ல ஒரு பெயர் தேவை. அந்தப் பெயர்தான் எஸ்பிஎன். நம் டேட்டாபேஸுக்கு அது இப்படி இருக்கும்:

```
MSSQLSvc/db01.corp.example:1433
```

என்ன சர்வீஸ், எந்த சர்வர், எந்த போர்ட் என்று மூன்றும் இதில் இருக்கின்றன. டொமைனின் அக்கவுன்ட் விவரங்களெல்லாம் இருக்கும் ஆக்டிவ் டைரக்டரியில் இந்தப் பெயர் ஏதோ ஓர் அக்கவுன்ட்டுடன் ஒட்டப்பட்டிருக்கும். அந்த டேட்டாபேஸ் `svc_sql` என்ற அக்கவுன்ட்டின் கீழ் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கன்ட்ரோலர் எஸ்பிஎன்னைத் தேடுகிறது, அது `svc_sql` அக்கவுன்ட்டுக்கு உரியது என்று கண்டுபிடிக்கிறது, ஒரு டிக்கெட்டைத் தயாரிக்கிறது. அதற்குள் கவிதாவின் பெயர், அவர் எந்தெந்தக் குழுக்களில் இருக்கிறார் என்ற விவரம், இந்த உரையாடலுக்கு மட்டுமான ஒரு தற்காலிகச் சாவி எல்லாம் இருக்கும். பிறகு அந்த டிக்கெட்டை `svc_sql` அக்கவுன்ட்டின் சாவியால் பூட்டி, கவிதாவின் கையில் கொடுக்கிறது. அதே தற்காலிகச் சாவியின் இன்னொரு பிரதி கவிதா மட்டும் திறக்கக்கூடிய வகையில் தனியாக வருகிறது.

கவிதாவின் கம்ப்யூட்டர் அந்த டிக்கெட்டைப் பிரிக்காமல் அப்படியே டேட்டாபேஸிடம் நீட்டுகிறது. கூடவே, தற்காலிகச் சாவியால் பூட்டிய ஒரு சிறு நேரக்குறிப்பையும் அனுப்புகிறது. டேட்டாபேஸ் தன் சொந்தச் சாவியால் டிக்கெட்டைத் திறக்கிறது. உள்ளிருக்கும் தற்காலிகச் சாவியை எடுத்து நேரக்குறிப்பைத் திறக்கிறது. இரண்டும் பொருந்தினால் வந்திருப்பது கவிதாதான் என்று முடிவு. இந்தக் கடைசிப் படியில் டொமைன் கன்ட்ரோலருக்கு வேலையே இல்லை. டேட்டாபேஸ் அதைக் கூப்பிட்டுக் கேட்பதில்லை, கேட்கத் தேவையும் இல்லை. டிக்கெட் தன் சாவியால் திறந்தது என்பதே, அதைத் தயாரித்தது கன்ட்ரோலர்தான் என்பதற்குச் சான்று. அந்தச் சாவி தெரிந்த இன்னொருவர் அது மட்டுமே என்ற நம்பிக்கையில் இந்த ஏற்பாடு நிற்கிறது.

இதை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். டொமைனில் சேர்ந்த விண்டோஸ் கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து `klist` என்று தட்டினால், உங்களிடம் இப்போது இருக்கும் டிக்கெட்டுகள் வரிசையாக வரும். கவிதாவின் திரையில் வருவதில் இரண்டை மட்டும் சுருக்கித் தருகிறேன்:

```
#0> Client: kavitha @ CORP.EXAMPLE
    Server: krbtgt/CORP.EXAMPLE @ CORP.EXAMPLE
    KerbTicket Encryption Type: AES-256-CTS-HMAC-SHA1-96

#1> Client: kavitha @ CORP.EXAMPLE
    Server: MSSQLSvc/db01.corp.example:1433 @ CORP.EXAMPLE
    KerbTicket Encryption Type: RSADSI RC4-HMAC(NT)
```

முதலாவது டிஜிடி. இரண்டாவது டேட்டாபேஸுக்கான டிக்கெட். கடைசி வரிகள் இரண்டும் வெவ்வேறாக இருப்பதைக் கவனியுங்கள். அதற்குச் சற்றுப் பின்னால் வருகிறேன்.

இடறும் இடம்

டேட்டாபேஸ் டிக்கெட் கேட்டபோது டொமைன் கன்ட்ரோலர் என்ன சரிபார்த்தது? கவிதாவின் டிஜிடி உண்மையானதா, காலாவதி ஆகவில்லையா என்று பார்த்தது. அவ்வளவுதான். அந்த டேட்டாபேஸைத் தொட கவிதாவுக்கு அனுமதி உண்டா என்று அது பார்க்கவில்லை. அது சர்வீஸின் வேலை. டேட்டாபேஸ் டிக்கெட்டைத் திறந்து, குழு விவரத்தைப் பார்த்து, வேண்டாம் என்று திருப்பி அனுப்பிக்கொள்ளும். இது பிழையல்ல, கெர்பரோஸ் இப்படித்தான் வடிவமைக்கப்பட்டிருக்கிறது. அடையாளத்தைச் சொல்வது கன்ட்ரோலரின் பொறுப்பு, அனுமதியை முடிவு செய்வது சர்வீஸின் பொறுப்பு.

ஆனால் இதற்கு ஒரு பக்க விளைவு உண்டு. டொமைனில் சாதாரண அக்கவுன்ட் ஒன்று இருந்தால் போதும், எஸ்பிஎன் உள்ள எந்த அக்கவுன்ட்டுக்கும் டிக்கெட் கேட்கலாம், கேட்டால் கிடைக்கும். டேட்டாபேஸ் பக்கமே போகாத ஒருவரும் கேட்கலாம். டேட்டாபேஸ் அணைந்திருந்தாலும் கிடைக்கும், ஏனென்றால் கன்ட்ரோலர் அதனிடம் எதையும் கேட்பதில்லை. கிடைக்கும் டிக்கெட் `svc_sql` அக்கவுன்ட்டின் சாவியால் பூட்டப்பட்டிருக்கிறது. அந்தச் சாவியோ `svc_sql` அக்கவுன்ட்டின் பாஸ்வேர்டிலிருந்து பிறந்தது.

ஆக, ஒரு பாஸ்வேர்டால் பூட்டிய பெட்டியைக் கேட்பவர் எவருக்கும் கொடுக்கிறோம். வாங்கியவர் அதைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய், நிதானமாக, ஒவ்வொரு பாஸ்வேர்டாகப் போட்டுப் பார்க்கலாம்.

போட்டுப் பார்த்தது சரியா என்று எப்படித் தெரியும்? இந்தக் கேள்வியைப் பலரும் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம். பூட்டிய தரவுக்குள்ளேயே ஒரு சரிபார்ப்புக் குறியும் சேர்ந்து வருகிறது, வழியில் யாரும் கை வைக்கவில்லை என்று சர்வீஸ் உறுதிப்படுத்திக்கொள்வதற்காக. ஊகித்த பாஸ்வேர்டிலிருந்து சாவியைக் கணக்கிட்டு, டிக்கெட்டைத் திறந்து, அந்தக் குறி பொருந்துகிறதா என்று பார்த்தால் போதும். பொருந்தினால் பாஸ்வேர்ட் அதுதான். சர்வீஸைப் பாதுகாக்க வைத்த அதே குறி, தாக்குபவருக்கு ஆம், இல்லை என்று பதில் சொல்கிறது.

இந்த முயற்சிகள் எதுவும் உங்கள் நெட்வொர்க்கில் நடப்பதில்லை. தப்பான பாஸ்வேர்டை ஐந்து முறை போட்டால் அக்கவுன்ட் பூட்டிக்கொள்ளும் என்று நீங்கள் வைத்திருக்கும் விதிக்கு இங்கே வேலை இல்லை. தோற்றுப்போன லாகின் பதிவு ஒன்றுகூட விழாது. உங்கள் பக்கம் மிஞ்சும் ஒரே தடயம், டிக்கெட் கேட்டதற்கான ஒரு பதிவு. அதுவும் பார்ப்பதற்கு வழக்கமான பதிவு போலவே இருக்கும்.

2014-இல் டிம் மெடின் என்பவர் ஒரு பாதுகாப்பு மாநாட்டில் இந்த முறையை விளக்கினார். அன்றிலிருந்து இதற்கு கெர்பரோஸ்டிங் என்று பெயர்.

ஏன் சர்வீஸ் அக்கவுன்ட் மட்டும்?

பூட்டிய பெட்டி என்றால் டிஜிடியும் பூட்டிய பெட்டிதானே, அதை ஏன் உடைக்கப் பார்ப்பதில்லை? பாஸ்வேர்ட் தாறுமாறானது என்பதால். `krbtgt` பாஸ்வேர்டை எந்தப் பட்டியலிலிருந்தும் ஊகிக்க முடியாது. எழுத்து எழுத்தாக முயன்றாலும் முடிவுக்கு வராது.

கம்ப்யூட்டர் அக்கவுன்ட்டுகளும் அப்படியே. டொமைனில் சேர்ந்த ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் அக்கவுன்ட் உண்டு, பெயரின் முடிவில் `$` குறி இருக்கும். அதற்கும் எஸ்பிஎன் உண்டு. கோப்புப் பகிர்வுக்கு நீங்கள் போகும்போது கிடைக்கும் டிக்கெட் அந்தக் கம்ப்யூட்டர் அக்கவுன்ட்டின் சாவியால் பூட்டப்பட்டது. ஆனால் அதன் பாஸ்வேர்டை விண்டோஸே நீளமாக, தாறுமாறாக உருவாக்கி, வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை தானே மாற்றிக்கொள்கிறது. அந்த டிக்கெட்டைத் திருடினாலும் பயனில்லை.

மீதி இருப்பது, மனிதர் உருவாக்கி, மனிதர் பாஸ்வேர்ட் வைத்து, பிறகு ஒரு சர்வீஸை அதன் கீழ் ஓட விட்டிருக்கும் சாதாரண பயனர் அக்கவுன்ட்டுகள். `svc_sql`, `svc_backup`, `svc_web` என்று பெயர் வைத்திருப்போமே, அவைதான். பலவீனம் கெர்பரோஸின் பூட்டில் இல்லை. அந்தச் சாவி ஒரு மனிதரின் கற்பனையிலிருந்து வந்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

அந்த அக்கவுன்ட்டுகளுக்கென்று ஒரு வாழ்க்கை முறையும் உண்டு. சர்வர் நிறுவிய அன்று அவசரத்தில் ஒரு பாஸ்வேர்ட் வைப்பார்கள். காலாவதி ஆனால் சர்வீஸ் நின்றுவிடும் என்று, என்றும் காலாவதி ஆகாது என்ற பெட்டியில் டிக் போடுவார்கள். ஏதோ ஓர் அனுமதிச் சிக்கல் வந்தால், தேவைக்கு மேல் உரிமை கொடுத்து அன்றைய வேலையை முடிப்பார்கள். அப்புறம் யாரும் அதைத் தொடுவதில்லை.

நான் பார்த்த ஓர் அலுவலகத்தில் பேக்கப் அக்கவுன்ட் ஒன்று டொமைன் அட்மின் குழுவில் இருந்தது. பாஸ்வேர்ட் கடைசியாக மாறியது ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னால். ஏன் மாற்றவில்லை என்று கேட்டேன். "எங்கெங்கே தட்டி வைத்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது சார், மாற்றினால் எது நிற்கும் என்று பயம்" என்றார் அங்கே பொறுப்பில் இருந்தவர். அந்த பயம் நியாயமானதுதான், நானும் அதே இடத்தில் இருந்தால் தயங்கியிருப்பேன். ஆனால் அந்த ஒன்பது ஆண்டுகளில் எந்த நாளிலும், டொமைனில் ஏதோ ஒரு சாதாரணப் பயனரின் பாஸ்வேர்ட் கசிந்திருந்தாலே போதும், அந்த பேக்கப் அக்கவுன்ட்டின் டிக்கெட்டை வாங்கி வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கலாம்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்

`klist` திரையில் இரண்டு விதமான பூட்டுகளைப் பார்த்தோம். ஒன்று ஏஇஎஸ், மற்றது ஆர்சி4. ஆர்சி4 முறையில் பாஸ்வேர்டிலிருந்து சாவியை எடுப்பது மிக எளிய கணக்கு: எம்டி4 என்ற ஹாஷை ஒரே ஒருமுறை போடுவது, அவ்வளவே. வேறு எதையும் கலப்பதில்லை. அதனால் ஒரு ஊகத்தைச் சோதிக்க மிகக் கொஞ்ச நேரமே ஆகும். ஏஇஎஸ் முறையில் டொமைன் பெயரையும் அக்கவுன்ட் பெயரையும் கலந்து, 4096 சுற்றுகள் போட்டுத்தான் சாவி வருகிறது. தாக்குபவரும் ஒவ்வொரு ஊகத்துக்கும் அந்த 4096 சுற்றையும் போட்டாக வேண்டும்.

எண்ணில் பார்த்தால் வித்தியாசம் தெரியும். ஆர்சி4 டிக்கெட்டில் வினாடிக்கு 100 கோடி ஊகங்களைச் சோதிக்கக்கூடிய ஒரு கிராபிக்ஸ் கார்டு தாக்குபவரிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாஸ்வேர்ட் எட்டு எழுத்து, சிறிய ஆங்கில எழுத்துகளும் எண்களும் மட்டும். மொத்தச் சாத்தியங்கள் 36-இன் எட்டாம் அடுக்கு, அதாவது சுமார் 2.8 லட்சம் கோடி. வினாடிக்கு 100 கோடி வீதம் 47 நிமிடத்தில் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

ஆனால் யாரும் அப்படி முதலிலிருந்து தொடங்குவதில்லை. மனிதர்கள் பாஸ்வேர்ட் வைக்கும் விதம் அவர்களுக்குத் தெரியும்: ஒரு சொல், முதல் எழுத்து பெரியது, நடுவில் `@`, பின்னால் ஆண்டு. பத்து லட்சம் சொற்கள் உள்ள ஒரு பட்டியலை எடுத்து, ஒவ்வொரு சொல்லையும் ஆயிரம் விதமாகத் திருத்திப் போட்டால் 100 கோடி ஊகங்கள். நம் கணக்கில் ஒரு வினாடி. `Welcome@2019` போன்ற ஒரு பாஸ்வேர்டுக்குப் பன்னிரண்டு எழுத்து இருக்கிறது, பெரிய எழுத்து, எண், குறி என்று விதிகள் கேட்பதெல்லாம் இருக்கிறது. இருந்தும் அந்த ஒரு வினாடிக்குள் விழுந்துவிடும்.

இதே டிக்கெட் ஏஇஎஸ் பூட்டில் இருந்திருந்தால்? வேகம் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வினாடி ஆயிரம் வினாடியாகும், அதாவது சுமார் 17 நிமிடம். ஒரு தேநீர் குடித்துவிட்டு வரும் நேரம். ஏஇஎஸ்ஸுக்கு மாறிவிட்டோம், இனிக் கவலையில்லை என்று சொல்பவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கவலை வருவது இதனால்தான். நல்ல பூட்டு, ஊகிக்கக்கூடிய பாஸ்வேர்டைக் காப்பாற்றுவதில்லை, கொஞ்சம் தாமதப்படுத்துகிறது.

இப்போது பாஸ்வேர்ட் 25 எழுத்து, பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண் கலந்து, கருவி ஒன்று தாறுமாறாக உருவாக்கியது என்று வையுங்கள். சாத்தியங்களின் எண்ணிக்கை 45 இலக்கம் உள்ள ஓர் எண். அங்கே ஆர்சி4-ஆ ஏஇஎஸ்ஸா என்பதே பொருட்டில்லாமல் போகிறது. வினாடிக்கு 100 கோடி வீதம் போனாலும் பிரபஞ்சத்தின் வயது போதாது.

உடைந்த பிறகு

பாஸ்வேர்ட் கிடைத்துவிட்டால் தாக்குபவருக்கு இரண்டு வழிகள். நேராக `svc_sql` ஆகவே லாகின் செய்யலாம். அது எந்தெந்தச் சர்வரில் அட்மினாக இருக்கிறதோ அங்கெல்லாம் போகலாம். நான் சொன்ன பேக்கப் அக்கவுன்ட் போல டொமைன் அட்மினாக இருந்தால், கதை அங்கேயே முடிந்தது.

இரண்டாவது வழி இன்னும் நுட்பமானது. டேட்டாபேஸ் டிக்கெட்டை நம்புவது, அது தன் சாவியால் திறக்கிறது என்பதால்தான் என்று பார்த்தோம். அந்தச் சாவி இப்போது தாக்குபவரிடம் இருக்கிறது. எனவே டொமைன் கன்ட்ரோலரை அணுகாமலே, டேட்டாபேஸுக்கான டிக்கெட்டைத் தானே எழுதிப் பூட்டலாம். பெயர் இருக்குமிடத்தில் டேட்டாபேஸ் நிர்வாகியின் பெயர், குழு இருக்குமிடத்தில் தான் விரும்பும் குழு. இதை சில்வர் டிக்கெட் என்பார்கள். டேட்டாபேஸ் பெரும்பாலும் கன்ட்ரோலரிடம் ஒருமுறை கேட்டுச் சரிபார்ப்பதில்லை என்பதால் அந்தப் போலி டிக்கெட் செல்லுபடியாகிறது. கன்ட்ரோலரின் பதிவில் அப்படி ஒரு டிக்கெட் கொடுத்ததற்கான சுவடே இருக்காது.

உங்கள் டொமைனில் எங்கே பார்ப்பது?

முதலில், எந்தெந்தப் பயனர் அக்கவுன்ட்டுகளுக்கு எஸ்பிஎன் இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். பவர்ஷெல்லில் இது ஒரே வேலை:

```powershell
Get-ADUser -Filter 'ServicePrincipalName -like "*"' `
  -Properties ServicePrincipalName, PasswordLastSet, MemberOf |
  Select-Object Name, PasswordLastSet, MemberOf
```

பட்டியலில் `krbtgt` வரும், அதைக் கண்டு பதற வேண்டாம், அது அங்கே இருக்க வேண்டியதுதான். மற்றவற்றில் `PasswordLastSet` தேதியைப் பாருங்கள். பழைய தேதி என்றால் இரண்டு பொருள். அந்தப் பாஸ்வேர்டை நீண்ட காலமாக ஊகித்திருக்க நேரம் இருந்திருக்கிறது. மிகப் பழைய டொமைன்களில் இன்னொன்றும் உண்டு: ஏஇஎஸ் சாவிகள் பாஸ்வேர்ட் மாற்றும்போதுதான் கணக்கிட்டுச் சேமிக்கப்படுகின்றன. டொமைன் 2008 நிலைக்கு உயர்வதற்கு முன் வைத்த பாஸ்வேர்டு இன்னும் மாறவில்லை என்றால், அந்த அக்கவுன்ட்டுக்கு ஏஇஎஸ் சாவியே இருக்காது. அமைப்பில் ஏஇஎஸ் என்று டிக் போட்டால் மட்டும் போதாது, பாஸ்வேர்டையும் மாற்ற வேண்டும்.

அடுத்து, அந்த எஸ்பிஎன் இன்னும் தேவையா என்று பாருங்கள். சர்வர் எப்போதோ அகற்றப்பட்டிருக்கும், எஸ்பிஎன் மட்டும் அக்கவுன்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும். எஸ்பிஎன் இல்லாத பயனர் அக்கவுன்ட்டுக்கு இந்த வழியில் டிக்கெட் கேட்க முடியாது. தேவையற்றதை எடுத்துவிட்டால் அந்த வாசல் மூடிவிடும்.

தேவையானவற்றுக்கு நிரந்தரத் தீர்வு, மனிதரை அந்த வேலையிலிருந்து விலக்குவது. விண்டோஸ் சர்வர் 2012 முதல் குரூப் மேனேஜ்டு சர்வீஸ் அக்கவுன்ட் என்ற வகை இருக்கிறது. எல்லோரும் ஜிஎம்எஸ்ஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். இதன் பாஸ்வேர்ட் 240 பைட் நீளமுள்ள தாறுமாறான தரவு. டொமைன் கன்ட்ரோலரே அதை உருவாக்கி, வழக்கமாக 30 நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறது. எந்தெந்தச் சர்வர்கள் அதைப் பெறலாம் என்று நீங்கள் சொல்லிவைக்கிறீர்கள், அவை தாமே வாங்கிக்கொள்கின்றன. சர்வீஸ் அமைப்பில் அக்கவுன்ட் பெயரைக் கடைசியில் `$` போட்டு எழுதி, பாஸ்வேர்ட் கட்டத்தைக் காலியாக விட்டால் போதும். யாருக்கும் தெரியாத பாஸ்வேர்டை யாரும் மறக்கவோ கசியவிடவோ முடியாது.

எல்லா மென்பொருளும் இதை ஏற்பதில்லை என்பது உண்மை. பாஸ்வேர்டைத் தட்டித்தான் ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கும் பழைய சாதனங்கள் உண்டு. அவற்றுக்கு 25 எழுத்துக்குக் குறையாத, கருவி உருவாக்கிய பாஸ்வேர்ட் வையுங்கள். எங்கெல்லாம் தட்டியிருக்கிறது என்று தெரியாத அக்கவுன்ட்டை மாற்றுவதற்கு முன், ஒரு மாதம் அதன் லாகின் பதிவுகளைச் சேகரித்து, எந்தெந்தக் கம்ப்யூட்டரிலிருந்து வருகிறது என்று பாருங்கள். மாதக் கடைசியில் மட்டும் ஓடும் வேலைகள் இருக்கும் என்பதால் ஒரு வாரம் போதாது. அந்த பேக்கப் அக்கவுன்ட்டுக்கு நாங்கள் இப்படித்தான் பார்த்தோம். எல்லோரும் இருபது இடம் இருக்கும் என்று பயந்தார்கள், மூன்று கம்ப்யூட்டர்தான் இருந்தது. டொமைன் அட்மின் உரிமையை எடுத்துவிட்டு, பேக்கப்புக்கு வேண்டியதை மட்டும் கொடுத்தோம். அடுத்த நாள் இரவு பேக்கப் வழக்கம் போல ஓடி முடிந்தது.

பிடிபடுவது எப்படி?

டிக்கெட் கேட்கும் ஒவ்வொரு முறையும் டொமைன் கன்ட்ரோலரின் பாதுகாப்புப் பதிவில் 4769 என்ற எண்ணில் ஒரு நிகழ்வு எழுதப்படும், அதற்கான தணிக்கை அமைப்பு இயக்கப்பட்டிருந்தால். சிக்கல் அதன் அளவு. எல்லோரும் நாள் முழுக்க டிக்கெட் கேட்டுக்கொண்டே இருப்பதால் பதிவுகள் வெள்ளமாக வரும். ஒரு பதிவைத் தனியாகப் பார்த்து எதுவும் சொல்ல முடியாது.

சேர்த்துப் பார்த்தால் தெரியும். பதிவில் டிக்கெட்டின் பூட்டு வகை ஓர் எண்ணாக இருக்கும்: ஆர்சி4 என்றால் `0x17`, ஏஇஎஸ்-256 என்றால் `0x12`. மற்ற இடங்களிலெல்லாம் ஏஇஎஸ் ஓடும் டொமைனில், ஒரு பயனர் ஒரே கம்ப்யூட்டரிலிருந்து சில நிமிடத்துக்குள் பத்து வெவ்வேறு சர்வீஸ் அக்கவுன்ட்டுகளுக்கு `0x17` டிக்கெட் வாங்கியிருந்தால், அவர் ரிப்போர்ட் திறக்கவில்லை. பெயரின் முடிவில் `$` உள்ளவற்றை வடிகட்டிவிட்டால் பட்டியல் வெகுவாகச் சுருங்கும். பழைய ஸ்கேனர்களும் சாதனங்களும் ஆர்சி4 கேட்பது உண்டு. அவற்றை முதலில் அடையாளம் கண்டு ஒதுக்கிக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டும் ஆர்சி4-ஐப் படிப்படியாக விலக்கி வருகிறது. பொறுமையான தாக்குபவர் நாளுக்கு ஒரு டிக்கெட், அதுவும் ஏஇஎஸ்ஸாகவே கேட்டால் இந்த வடிகட்டி அவரைப் பிடிக்காது.

அதற்கும் ஒரு பதில் உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. யாரும் பயன்படுத்தாத ஓர் அக்கவுன்ட்டை உருவாக்குங்கள். பார்த்தவுடன் ஆசை வரும்படி பெயர் வையுங்கள், `svc_sqladmin` மாதிரி. இல்லாத ஒரு சர்வருக்கான எஸ்பிஎன்னை அதில் ஒட்டுங்கள். பாஸ்வேர்ட் நீளமாக, தாறுமாறாக இருக்கட்டும், எந்த உரிமையும் வேண்டாம். அந்தப் பெயரில் எந்த சர்வீஸும் ஓடவில்லை என்பதால், அதற்கு டிக்கெட் கேட்க நியாயமான காரணம் யாருக்கும் இல்லை. அந்தப் பெயரோடு ஒரே ஒரு 4769 வந்தாலும், யார், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து கேட்டார் என்று அந்தப் பதிவிலேயே இருக்கும். உங்கள் பாதுகாப்புச் சோதனைக் கருவியாக இருந்தால் ஒதுக்கிவிடலாம். இல்லையென்றால் உடனே அந்தக் கம்ப்யூட்டரின் பக்கத்தில் போய் உட்காருங்கள். அவர் எடுத்துப்போன மற்ற டிக்கெட்டுகளை உடைத்து முடிப்பதற்குள் அந்தப் பாஸ்வேர்டுகளை மாற்றிவிட்டால், அவர் கையில் இருப்பது ஒன்றுக்கும் உதவாத பழைய சாவி.